ஆள் எப்படி?

சேலத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். "உங்க வீட்டுல இருந்த வாத்தியார் எங்க போர்ஷனைக் கேக்கறாரு. ஆள் எப்படிங்க?" என்றார். நல்ல ஆள்தான் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வாய் வரவில்லை. 2024 மே மாதம் ஒன்பது நாள் அவர் என் போனை எடுக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பிரச்சனையான ஆள் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டு நாளில் வாடகை நோட்டையும், குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களையும், பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் ஊரில் குடியிருந்தவரைப் பற்றி எழுதிக்கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஒரு போன் பேச்சு, அதில் நாலு வார்த்தை, அதை வைத்து ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். அந்த நாலு வார்த்தைக்கு ஆதாரம் வேண்டும் என்று பட்டது.

வீடு தருமபுரியில், பென்னாகரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. கீழே நாங்கள், மாடியில் ஹால், இரண்டு ரூம், கிச்சன். அவர் தனியார் பள்ளி ஆசிரியர். மனைவி, ஒரு பெண் குழந்தை, எப்போதாவது வந்து தங்கும் அப்பா. 2022 செப்டம்பரில் வந்து 2025 மே கடைசியில் காலி செய்தார். பதினோரு மாத அக்ரிமென்ட் மூன்று முறை, மொத்தம் 33 மாதம். வாடகை 7,000, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையான 21,000. வாடகையை நான் நடுவில் ஏற்றவில்லை.

முதலில் வாடகை. அந்தந்த மாதம் 5ஆம் தேதிக்குள் தரவேண்டும் என்பது அக்ரிமென்ட். நோட்டைப் புரட்டினால் 5ஆம் தேதிக்குள் வந்தது 9 மாதம்தான். மீதி 24 மாதமும் தாமதம். இந்தக் கணக்கை மட்டும் சேலத்துக்காரரிடம் சொன்னால் அவர் அடுத்த நிமிடமே வேறு ஆள் பார்ப்பார். நான் சொன்னது பொய்யாகவும் இருக்காது.

ஆனால் அந்த 24 மாதத்தில் எந்தத் தேதிக்குப் பணம் வந்தது என்று பார்த்தபோது கதை வேறாக இருந்தது. 18 மாதம் 6க்கும் 12க்கும் இடையில் வந்திருக்கிறது. அவருடைய பள்ளியில் சம்பளம் 8 அல்லது 10ஆம் தேதிதான் போடுவார்கள். இது வந்த முதல் மாதமே எனக்குத் தெரியும். இரண்டாவது அக்ரிமென்ட் எழுதும்போது, "அண்ணா, தேதியை 12ன்னு மாத்திக்கலாமா, ஒவ்வொரு மாசமும் உங்ககிட்ட சங்கடமா இருக்கு" என்று அவர் கேட்டார். எல்லாருக்கும் ஐந்துதான் என்று மறுத்துவிட்டேன். எனக்கு ஐந்தாம் தேதி எந்தத் தவணையும் கிடையாது. பேங்க் லோன் முடிந்து பல வருடம் ஆகிறது. பழக்கத்துக்காகப் பிடித்த தேதி அது. சம்பளம் கையில் வராத ஒரு தேதியைக் குறித்துவிட்டு, அந்தத் தேதியை வைத்தே ஒருவரைத் தாமதக்காரர் என்று எழுதுவது கணக்கு ஆகாது. 12ஆம் தேதியை வைத்து எண்ணினால் 33இல் 27 மாதம் சரியாக வந்திருக்கிறது.

மிச்சம் ஆறு. அதில் மூன்று, அந்த மாதத்திலேயே 12க்குப் பிறகு வந்தவை: 2023 ஜூன், 2024 ஜூன், 2025 மே. மூன்று, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனவை: 2023 மே, 2023 நவம்பர், 2024 மே. ஆறில் ஐந்து மே, ஜூனில் விழுவதைக் கவனித்தால் காரணம் புரியும். தனியார் பள்ளிகள் பலவற்றில் கோடை விடுமுறைக்கு முழுச் சம்பளம் கிடையாது. அவருக்குப் பாதிதான் வந்தது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு வீடு விடுகிறவர்கள் இதைத் தெரிந்துதான் விடவேண்டும். மீதி ஒன்று, நவம்பர், அவர் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த மாதம்.

காரணம் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடாது. வாடகை விஷயத்தில் நான் கடைசியில் எடுத்துக்கொண்ட அளவுகோல், நான் கேட்கவேண்டி வந்ததா, அவராகவே முன்னால் சொன்னாரா என்பது. ஆறில் நான்கு முறை தேதிக்கு முன்பே கீழே வந்து, "இந்த மாசம் இருபதாம் தேதிக்கு மேலதான் அண்ணா" என்று சொல்லியிருக்கிறார், சொன்னபடி தந்துமிருக்கிறார். நவம்பரில் நான்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவரிடம் வாடகை கேட்டுவிட்டோமே என்று எனக்கே பிறகு உறுத்தியது. 2024 மே மாதத்துக்கு அப்படி எந்தச் சமாதானமும் இல்லை. போன் எடுக்கவில்லை, செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, மாடிப்படியில் என்னைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார். ஒன்பது நாள். ஜூன் மாதம் இரண்டு வாடகையையும் சேர்த்துக் கொடுத்தார், பைசா பாக்கி வைக்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது நாள் குறைதான். பணம் இல்லாததைவிட, பேசாமல் இருந்ததுதான் குறை. அதைச் சேலத்துக்காரரிடம் மறைக்கக்கூடாது என்று குறித்துக்கொண்டேன்.

இனி வீடு. இந்தப் பகுதியில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் தவறு செய்கிறோம். காலியான வீட்டில் கால் வைத்ததும் கண்ணில் படுகிற அழுக்கையெல்லாம் போனவர் தலையில் கட்டிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமே, குடியிருந்தவர் வந்தபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு, இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று விலக்கும் கொடுக்கிறது. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பழுது பார்ப்பது என்று அதன் அட்டவணை பிரித்தே வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங், இவை வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு, ஜன்னல் கண்ணாடி, இவை குடியிருப்பவர் பாடு. அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதாதவரை இதுதான் கோடு.

இந்தக் கோட்டை வைத்துப் பார்த்ததும் என் பட்டியலில் முதலில் எழுதிய ஒன்று அடிபட்டது. கிச்சன் சுவர், தாளிப்புப் புகையில் மஞ்சளாகியிருந்தது. பெயின்ட் அடிக்கிற ஆளைக் கேட்டபோது 4,500 ஆகும் என்றார். ஆனால் அந்தச் சுவருக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தது 2020இல். ஐந்து வருடம் ஆன சமையலறைச் சுவருக்கு யார் இருந்திருந்தாலும் இந்த வருடம் பெயின்ட் அடித்துத்தான் ஆகவேண்டும். அது என் செலவு.

அடுத்தது குழாய்களும் பாத்ரூம் டைல்ஸும். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகக் கல் கட்டியிருந்தது, ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருந்தது. பார்த்தவுடன், கழுவவே இல்லை போலிருக்கிறதே என்றுதான் தோன்றியது. தருமபுரி தண்ணீரை அறிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். இங்கே போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, ஈரம் காயும் இடத்தில் எல்லாம் படியும். கறை தண்ணீரால் வந்ததா, கவனிக்காததால் வந்ததா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி, அதே போரிலிருந்து தண்ணீர் போகும் வேறொரு வீட்டின் குழாயைப் பார்ப்பது. கீழே என் வீட்டுக் குழாயைப் பார்த்தேன். வாரம் ஒரு முறை என் மனைவி தேய்த்துக் கழுவும் குழாய் அது. அதிலும் கொஞ்சம் குறைவாக அதே கல். மாடிக் குழாயில் ஒரு பாலிதீன் பையில் வினிகரை ஊற்றிக் கட்டி அரை மணி நேரம் விட்டேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது, துணியால் துடைத்ததும் அடியில் பித்தளை மேல் பூசிய முலாம் அப்படியே பளபளத்தது. அடியில் அரிப்பு இல்லை.

டைல்ஸில் மட்டும் ஒரு மூலை வேறு மாதிரி இருந்தது. தரை ஜல்லடை பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறை பழுப்பாக, அடுக்கடுக்காக இருந்தது. உப்புக்கறை வெள்ளையாகத்தான் இருக்கும். பழுப்பு என்றால் சோப்பும் முடியும் அழுக்கும் சேர்ந்து தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஜல்லடையைக் கழற்றினால் உள்ளே கொத்தாக முடி. அடைப்பை எடுப்பது அவர் வேலை, பல மாதம் எடுக்கவில்லை. ஆசிட் ஊற்றித் தேய்க்க ஒரு மணி நேரம் பிடித்தது. இதற்குப் பணம் பிடிக்கவில்லை, ஆனால் பராமரிப்பில் ஒரு சின்ன குறை என்று எழுதினேன்.

பெரிய விஷயம் பெட்ரூம் சுவர். பாத்ரூமை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. உள்ளே உப்பு பூத்திருந்தது. கசிவை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. சொல்லாமல் விட்டுவிட்டார் என்று பட்டியலில் எழுதி, பூச்சு வேலைக்கு 3,000 என்று தொகையும் போட்டுவிட்டேன். அன்று இரவு வாட்ஸ்அப்பில் மேலே போய்த் தேடியபோது 2024 அக்டோபர் மாதத்தில் ஒரு போட்டோ இருந்தது. அதே சுவர், உள்ளங்கை அளவு ஈரம். கீழே, "அண்ணா, பாத்ரூம் பைப் உள்ள லீக் ஆகுதுன்னு நினைக்கறேன், பாருங்க" என்று எழுதியிருந்தார். நான் கட்டைவிரல் போட்டிருக்கிறேன். பிளம்பரை அனுப்பியது ஜனவரியில், பொங்கலுக்குப் பிறகு. அந்த மூன்று மாதத்தில்தான் உள்ளங்கை இரண்டடி ஆனது. சுவருக்குள் போகும் பைப் என் பொறுப்பு, தாமதமும் என்னுடையது. அந்த 3,000ஐ அடித்துவிட்டேன். அந்தச் செய்தி அழிந்துபோயிருந்தால் நான் அவரைக் குற்றவாளியாகவே நம்பியிருப்பேன்.

உண்மையான சேதம் என்று நின்றவை இரண்டு. பாத்ரூமின் பிளாஸ்டிக் கதவு கீழ்ப்பக்கம் உடைந்திருந்தது. குழந்தையின் சைக்கிள் மோதியது என்று அவரே சொன்னார். புதுக் கதவு 2,400. முழுத் தொகையையும் பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கதவு போட்டு ஆறு வருடம் ஆகிறது, அந்த ரகம் எட்டு வருடம் வந்தால் அதிகம். அப்படியானால் அவர் உடைத்தது கதவின் கடைசி இரண்டு வருடத்தைத்தான். எட்டில் இரண்டு பங்கு, 600 ரூபாய். பழைய கதவை எடுத்துவிட்டு அவர் காசில் புதுக் கதவு மாட்டிக்கொள்வது எனக்கு லாபம், அது இழப்பீடு ஆகாது.

இரண்டாவது, கிச்சனில் சிங்குக்கு மேலே டைல்ஸில் இரண்டு ஓட்டை, ஒரு டைலில் கீறல். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் மாட்ட டிரில் போட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. இதை எடைபோடும்போது ஊர் நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. குழந்தைகளின் பல்லில் பழுப்புக்கோடு விழுவதை இங்கே பல வகுப்பறைகளில் பார்க்கலாம், அவர் வாத்தியார், தினமும் பார்த்தவர். தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. இதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கியது. எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் கீழே குழாயில்தான் வரும், மாடிக்கு ஏறுவது போர் தண்ணீர். கைக்குழந்தையோடு வந்தவர்கள் குடம் தூக்காத நாளில் எதைக் குடிப்பார்கள்? மெஷின் தேவையானது. கேட்காமல் சுவரைத் துளைத்தது தவறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் டைல் மாற்ற 600 என்று எழுதினேன்.

அக்கம்பக்கத்தார் சொன்னதை எடைபோடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நோட்டும் போட்டோவும் பொய் சொல்லாது, மனிதர்கள் நினைவிலிருந்து பேசுகிறார்கள். மூன்று வீட்டில் தனித்தனியாகப் பேசினேன். நல்லவரா என்று கேட்டால் எல்லாரும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள் என்பதால், நீங்களே பார்த்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

எதிர்வீட்டு ஆயா, "எனக்கு ரேஷன் அரிசி தூக்கியாந்து குடுக்கற புள்ள, எங்க போறாங்க அவங்க?" என்றார். பார்த்த விஷயம், ஏற்கலாம். ஆனால் அதிலிருந்து வீட்டை வைத்துக்கொண்ட விதம் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் குணத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று குறை. மோட்டார் போட்டுவிட்டு மறந்து, டேங்க் வழிந்து அவர்கள் வாசலில் தண்ணீர் கொட்டும். சாயந்திரம் டியூஷன் பிள்ளைகள் சத்தம். பைக்கை அவர்கள் கேட் முன் நிறுத்துவார். மூன்றாவதில் இருவருக்கும் ஒரு முறை வாய்த்தகராறு ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் மற்ற இரண்டையும் வேறு வழியில் உறுதிசெய்ய முயன்றேன். டேங்க் வழிந்தது உண்மை, நானே பலமுறை கீழிருந்து கத்தியிருக்கிறேன். தண்ணீர் கஷ்டமான ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. டியூஷன் ஆறிலிருந்து எட்டு வரை, எட்டுப் பிள்ளைகள். எட்டு மணிக்கு மேல் சத்தம் கேட்டதா என்றதற்கு அக்காவே இல்லை என்றார். மாடியில் டியூஷன் நடத்துவதை முதல் வருடமே என்னிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். அப்படியானால் அந்தக் குறைக்கு அனுமதி கொடுத்த நான்தான் பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்லவேண்டும்.

மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்தி, அவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள், யார் வந்துபோவார்கள் என்று தொடங்கி, "அவங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சுத்தான் விட்டீங்களா?" என்ற இடத்துக்கு வந்தார். பார்த்த சம்பவம் ஒன்றும் அவரிடம் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். 2012 நவம்பரில் சாதி வன்முறையில் இந்த மாவட்டத்து நத்தம் காலனி எரிந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். இங்கே அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெரியவர் சொன்னதை என் காகிதத்தில் ஏற்றவில்லை, குறையாகவும் இல்லை, எதிர்க்கருத்தாகவும் இல்லை. மூன்று வீட்டில் ஒரு வீடு எதிர்ப்பு என்று எண்ணிக்கையில் சேர்த்தால்கூட அது அவர் மேல் ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட் பில் கடைசி ரீடிங் 1,140 கட்டாமல் இருந்தது. கதவு 600, டைல் 600, பில் 1,140, மொத்தம் 2,340 என்று எழுதி, போட்டோக்களோடு வாத்தியாருக்கு அனுப்பினேன். பிடித்தம் போக மீதி அட்வான்ஸைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள் தரவேண்டும் என்பது சட்டம். அவர் ஒத்துக்கொண்ட பிறகு தரலாம் என்று நினைத்தேன். எழுதியதை அவரிடம் காட்டாமல் முடிவுசெய்வது அரைக் கணக்கு. கதவும் பில்லும் சரி என்றார். டேங்க் வழிந்ததற்கு, "அது என் தப்புதான் அண்ணா" என்றார். மே மாத ஒன்பது நாளைப் பற்றி எழுதியதற்குக் கொஞ்சம் நேரம் பதில் வரவில்லை. பிறகு, "உங்க முகத்தைப் பாக்க வெக்கமா இருந்துச்சு" என்று மட்டும் வந்தது. டைலுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டை நான் போட்டது, கீறல் நான் வரும்போதே இருந்தது என்றார்.

2022 செப்டம்பர் போட்டோக்களைத் திரும்பப் பார்த்தேன். கிச்சனில் நான்கு படம். நான்கும் அலமாரிப் பக்கம்; சிங்குக்கு மேலே உள்ள சுவர் ஒன்றில்கூட இல்லை. கீறல் முன்பே இருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. வந்த அன்று சுவரைப் படம் எடுக்காதது என் வேலையில் விட்ட ஓட்டை. நிரூபிக்க முடியாததை அட்வான்ஸிலிருந்து பிடிக்க எனக்கு மனமில்லை. 600ஐ அடித்துவிட்டு 1,740 பிடித்துக்கொண்டு 19,260 அனுப்பினேன்.

சேலத்துக்காரரை அன்று மாலை கூப்பிட்டேன். வாடகை பாக்கி வைக்கமாட்டார் என்றேன். தேதியை மட்டும் 12 என்று எழுதுங்கள், மே ஜூனில் சம்பளம் பாதிதான் வரும், அதை முதலிலேயே பேசிவிடுங்கள் என்றேன். ஒரு முறை ஒன்பது நாள் போன் எடுக்காமல் இருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு முழுசாகக் கொடுத்துவிட்டார் என்றேன். வீட்டில் பழுது என்றால் உடனே போட்டோ அனுப்புவார், நீங்கள் பார்க்கவேண்டும். மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இல்லையென்றால் போட்டுவிடுங்கள் என்றேன்.

"மறுபடி வந்து கேட்டா நீங்க வீடு குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

குடுப்பேன் என்றேன். "அவங்க என்ன ஆளுங்க?" என்று அடுத்ததாகக் கேட்டார். வாத்தியார் என்றேன்.